ஆலை கைமாறுகிறது, என் 1,200 பங்குகளை என்ன செய்வது?

*வணக்கம் சார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் பக்கத்து ஜவுளி ஆலை ஒன்றின் பங்குகளை என் கணவர் 2009-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருந்தார். அவர் காலமான பின் 1,200 பங்குகள் என் டீமேட் கணக்குக்கு வந்தன. இப்போது வெளியூர்க் குழுமம் ஒன்று ஆலையை வாங்குகிறது. முதலாளி குடும்பத்தின் 42 சதவீதத்தைப் பங்குக்கு 180 ரூபாய் என்று பேசி முடித்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதே 180-க்கு ஓப்பன் ஆஃபர் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. செய்தி வருமுன் பங்கு 140 ரூபாய், இப்போது 172.*

*இது செபி நிர்ணயித்த விலை, பேச்சுக்கே இடமில்லை என்கிறார் புரோக்கர் ஆபீஸ் பையன். கொடுக்காவிட்டால் பங்கு செல்லாமல் போய்விடும் என்கிறான் என் தம்பி. சிறு முதலீட்டாளர்களுக்கு 15 சதவீத ஒதுக்கீடு உண்டு, எல்லாவற்றையும் கொடுத்தால் முழுசாக எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் ஆலையின் வேட்டி பிராண்டுக்காகக் குடும்பத்துக்குத் தனியாக 42 கோடி ரூபாய் போகிறது என்று படித்தேன். ஆலைக்கு ஊருக்குள் 30 ஏக்கர் நிலமும் இருக்கிறது. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. விளம்பரத்தை இணைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா?*

*பெயர் வேண்டாம், தென் மாவட்டம் ஒன்றிலிருந்து*

அம்மா, வணக்கம். முதலில் உங்கள் தம்பியின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஓப்பன் ஆஃபரில் நீங்கள் பங்கைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் துளியும் இல்லை. கட்டாயம் வாங்குபவருக்குத்தான். ஒரு பங்கைக்கூடக் கொடுக்காமல் இருந்தாலும் உங்கள் 1,200-ம் அப்படியே உங்கள் கணக்கில் இருக்கும், டிவிடெண்ட் வரும், சந்தையில் விற்கலாம். கம்பெனியைச் சந்தைப் பட்டியலிலிருந்தே எடுப்பது வேறு நடைமுறை. அதற்குத் தனி அறிவிப்பும் பங்குதாரர் வாக்கெடுப்பும் வேண்டும். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் அப்படி ஒரு எண்ணம் சொல்லப்படவில்லை.

வாங்குபவருக்கு ஏன் இந்தக் கட்டாயம்? செபியின் 2011-ஆம் ஆண்டு கையகப்படுத்தல் விதிகளின்படி, பட்டியலிட்ட கம்பெனியில் ஒருவர் 25 சதவீதத்தைத் தொட்டாலோ, நிர்வாகக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தாலோ, மற்ற பங்குதாரர்களிடமிருந்தும் குறைந்தது 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும். முதலாளி மாறுவது உங்களைக் கேட்டு நடக்கவில்லை. பழைய முதலாளியை நம்பிப் பணம் போட்டவர், புதியவரைப் பிடிக்காவிட்டால் அதே விலைக்கு வெளியேற ஒரு வாசல் வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆனால் அந்த வாசலின் அகலம் 26 சதவீதம்தான். இந்த விதிகளைத் திருத்த அமைத்த அச்சுதன் குழு, எல்லாப் பங்கையும் வாங்க முன்வர வேண்டும் என்றுதான் 2010-ல் பரிந்துரைத்தது. செபி அதை ஏற்காமல் 26-ல் நிறுத்திக்கொண்டது. என்னைக் கேட்டால் சிறு முதலீட்டாளருக்கு அது நஷ்டம்தான். அந்த நஷ்டம் உங்கள் கணக்கில் எப்படி விழுகிறது என்பதைக் கீழே காட்டுகிறேன்.

செபி விலை வைப்பதில்லை

புரோக்கர் ஆபீஸ் பையன் சொன்னது பலரும் நம்புகிற ஒன்று. செபி விலையை நிர்ணயிப்பதும் இல்லை, இந்த விலை நியாயம் என்று சான்று தருவதும் இல்லை. ஆஃபர் விவரங்களோடு செபியிடம் தாக்கல் செய்யும் வரைவுக் கடிதத்தின் தொடக்கப் பக்கங்களில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கும். செபியிடம் தாக்கல் செய்ததால் செபி இதை ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்துவிட்டதாகக் கருதக் கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை.

செபி வைத்திருப்பது ஒரு கீழ்வரம்பு. பேசி முடித்த ஒப்பந்த விலை, வாங்குபவர் முந்தைய 52 வாரங்களில் கொடுத்த சராசரி விலை, முந்தைய 26 வாரங்களில் கொடுத்த உச்ச விலை, அறிவிப்புக்கு முந்தைய 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கொடுக்கத் தடையில்லை. ஆஃபர் திறப்பதற்குச் சற்று முன்புவரை விலையை உயர்த்தலாம், குறைக்க முடியாது. உங்கள் ஆலை விஷயத்தில் வாங்குபவர் இதற்குமுன் பங்கு எதுவும் வாங்கவில்லை, 60 நாள் சராசரி 136 ரூபாய். அதனால் 180 என்ற ஒப்பந்த விலையே கீழ்வரம்பாக நிற்கிறது.

சமீபத்தில் நம் ஊரிலேயே இதைப் பார்த்தோம். இந்தியா சிமெண்ட்ஸை அல்ட்ராடெக் வாங்கியபோது, 2024 ஜூனில் முதலில் 22.77 சதவீதம் கைமாறியது. அது 25-க்குக் கீழே என்பதால் ஓப்பன் ஆஃபர் கிடையாது. அடுத்த மாதமே புரமோட்டர் தரப்பின் 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் என்று பேசினார்கள். அப்போதுதான் விதி பாய்ந்தது. பொதுமக்களுக்கும் அதே 390-ல் 26 சதவீதத்துக்கு ஆஃபர் வந்தது.

அப்படியானால் 30 ஏக்கர் நிலம்? இங்கேதான் உங்களுக்கு ஏமாற்றம். பங்கு சந்தையில் ஓரளவு கைமாறிக்கொண்டிருந்தால் சந்தைச் சராசரியே போதும் என்கிறது விதி. நிலத்தின் மதிப்பு, புத்தக மதிப்பு எதுவும் கணக்கில் வராது. முந்தைய 12 மாதங்களில் மொத்தப் பங்கில் 10 சதவீதமாவது கைமாறியிருந்தால் அது ‘ஓரளவு கைமாறுகிற’ பங்கு. உங்கள் ஆலையின் மொத்தப் பங்குகள் 5 கோடி. எனவே 50 லட்சம் பங்குகள் கைமாறியிருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்தேன், அந்த அளவைத் தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்திருந்தால் புத்தக மதிப்பையும் ஒத்த கம்பெனிகளின் விலையையும் வைத்து மதிப்பீடு செய்திருக்க வேண்டும், நிலத்தைப் பற்றிக் கேட்கவும் வழி இருந்திருக்கும்.

நிலத்துக்கு வேறொரு சிறு பாதுகாப்பு உண்டு. ஆஃபருக்குப் பிறகு கம்பெனியின் முக்கியச் சொத்துகளை விற்கும் எண்ணம் இருந்தால் அதை விளம்பரத்திலும் கடிதத்திலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் இல்லாமல் 2 வருடத்துக்கு விற்க முடியாது. உங்கள் விளம்பரத்தில் ‘வழக்கமான தொழில் நடவடிக்கையைத் தவிர வேறு எண்ணம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் பத்திரமாக வெட்டி வையுங்கள்.

அந்த 42 கோடி

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்வியில் உள்ள பணமெல்லாம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

பழைய விதிகளில் ஒரு ஓட்டை இருந்தது. புரமோட்டர் இனி இதே தொழிலில் போட்டிக்கு வரமாட்டார் என்று சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகையைக் கொடுப்பார்கள். ஆஃபர் விலையில் 25 சதவீதம் வரை அப்படிக் கொடுத்தால் அதைப் பொதுப் பங்குதாரர்களுக்குத் தர வேண்டியதில்லை. 2010-ல் கெய்ர்ன் இந்தியாவை வேதாந்தா வாங்க ஒப்பந்தம் போட்டபோது, தாய்க் கம்பெனிக்குப் பங்குக்கு 405 ரூபாய். அதில் 50 ரூபாய் போட்டியிடாமைக்கு. மற்றவர்களுக்கு ஆஃபர் 355. அந்த 50 ரூபாயைப் பின்னால் 2011 ஜூனில் கைவிட்டார்கள், அது தனிக் கதை. அதே வருடம் அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய விதிகள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டன.

இப்போதைய விதி மிகவும் அகலமானது. பங்குக்காகவோ, வாக்குரிமைக்காகவோ, கட்டுப்பாட்டுக்காகவோ, எந்த வடிவத்தில் கொடுத்தாலும், பங்கு ஒப்பந்தத்தில் எழுதினாலும் அதோடு சேர்ந்த வேறொரு ஒப்பந்தத்தில் எழுதினாலும், கட்டுப்பாட்டுப் பிரீமியம் என்றோ போட்டியிடாமைக் கட்டணம் என்றோ வேறு எந்தப் பெயரிட்டாலும், அது ஆஃபர் விலையில் சேர வேண்டும். அதனால் இப்போதெல்லாம் ‘போட்டியிடாமைக் கட்டணம்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஆலோசனைக் கட்டணம், பிராண்ட் விலை, புரமோட்டரின் வேறொரு சொந்தக் கம்பெனிக்கு நல்ல விலை என்று உடை மாறி வருகிறது.

உங்கள் ஆலைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடும்பத்திடம் 42 சதவீதம், அதாவது 2 கோடியே 10 லட்சம் பங்குகள். 180 ரூபாய் வீதம் அவர்களுக்கு 378 கோடி. பிராண்டுக்கு 42 கோடி. இந்த 42 கோடி உண்மையில் பங்கின் விலைதான் என்றால், அதை 2.1 கோடிப் பங்குகளால் வகுங்கள்: பங்குக்கு 20 ரூபாய். அப்போது குடும்பம் வாங்கியது 200, உங்களுக்குச் சொல்வது 180. உங்கள் 1,200 பங்கும் ஏற்கப்பட்டால் வித்தியாசம் 24,000 ரூபாய். வாங்குபவருக்கோ, 26 சதவீதம் என்பது 1 கோடியே 30 லட்சம் பங்குகள் என்பதால், 26 கோடி மிச்சம். பெயரை மாற்றி எழுத ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதல்லவா?

அதற்காக இது ஏமாற்றுதான் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பல ஆலைகளில் பிராண்ட் பெயர் குடும்பத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கும், தாத்தா காலத்துச் சங்கதி. அப்படியானால் அது குடும்பச் சொத்து, அதற்கு விலை வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? டிரேட்மார்க் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். பெயர் ஆலையின் பேரில் பதிவாகியிருந்தால், ஆலையின் சொத்துக்குக் குடும்பம் எப்படி விலை வாங்குகிறது என்ற கேள்வி நேராக எழும். குடும்பத்தின் பேரில் இருந்தால், இத்தனை வருடமாக ஆலை அவர்களுக்கு ராயல்டி கொடுத்து வந்ததா என்று ஆண்டறிக்கையில், சம்பந்தப்பட்ட தரப்பினருடனான பரிவர்த்தனைப் பகுதியில் பாருங்கள். இருபது வருடம் ஒரு ரூபாய்கூட ராயல்டி வாங்காத பெயருக்குத் திடீரென்று 42 கோடி என்றால் கேட்க வேண்டிய இடம்தான். அப்புறம், பங்கு விற்பனை நடந்தால்தான் பிராண்ட் பணமும் என்று இரண்டையும் கோத்திருக்கிறார்களா, சுதந்திர மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்கிறதா, பணம் பங்கு விற்ற அதே ஆட்களுக்கு அதே விகிதத்தில் போகிறதா என்பவையும் தடயங்கள். கடைசியாகச் சொன்னது இருந்துவிட்டால் எனக்கு வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 42 கோடியை வாங்குபவர் தன் பையிலிருந்து கொடுக்கிறாரா, ஆலையின் பணத்திலிருந்தா? ஆலை கொடுக்கிறதென்றால் அதில் உங்கள் பங்கும் கரைகிறது. ஆஃபர் நடக்கும் காலத்தில் கம்பெனி தன் வழக்கமான தொழிலைத் தாண்டிய பெரிய பரிவர்த்தனை எதையும் சிறப்புத் தீர்மானம் இல்லாமல் செய்யக் கூடாது.

யாரிடம் கேட்பது? விளம்பரத்தின் கடைசியில் ஆஃபரை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். விலை விதிப்படி சரியாகப் போடப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. இதே ஆலையின் பிராண்ட் ஒப்பந்தத் தொகை ஆஃபர் விலையில் சேர்க்கப்பட்டதா, சேர்க்காவிட்டால் ஏன், மதிப்பீட்டு அறிக்கை எங்கே என்று மூன்றே கேள்வி எழுதுங்கள். கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம். அதன் நகலைச் செபிக்கும் அனுப்புங்கள். வரைவுக் கடிதம் இப்போது செபி இணையதளத்தில் இருக்கிறது, செபி தன் கருத்துகளை இன்னும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டிய நேரம் இதுதான். செபி கேட்டால் மெர்ச்சன்ட் பேங்கர் பதில் சொல்லியே ஆக வேண்டும். இறுதிக் கடிதம் வெளியான பிறகு எழுதினால் அதே கேள்வி வெறும் புகாராகிவிடும். அப்போதும் செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸில் புகார் செய்யலாம், 21 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்குள் ஆஃபர் முடிந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்

15 சதவீத ஒதுக்கீடு என்று உங்களுக்குச் சொன்னவர் கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்கும் பைபேக்கை நினைத்துச் சொல்லியிருக்கிறார். அதில்தான் சிறு பங்குதாரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. ஓப்பன் ஆஃபரில் கிடையாது. பெரிய மியூச்சுவல் ஃபண்டும் நீங்களும் ஒரே வரிசை, ஒரே விகிதம்.

பொதுமக்களிடம் இருப்பது 58 சதவீதம், 2 கோடியே 90 லட்சம் பங்குகள். வாங்கப் போவது 1 கோடியே 30 லட்சம். எல்லோரும் கொடுத்தால் நூற்றுக்கு 45 கூட ஏற்கப்படாது. உங்கள் 1,200-ல் சுமார் 538 எடுத்துக்கொண்டு 662-ஐத் திருப்பி விடுவார்கள். பாதிப் பேர் கொடுத்தால் நூற்றுக்கு 89 ஏற்கப்படும், உங்களுடையதில் சுமார் 1,075.

திரும்பி வரும் பங்கின் விலை என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. 172-ல் பங்கைப் பிடித்து வைத்திருப்பது 180 என்ற ஆஃபர். அது முடிந்ததும் அந்தப் பிடி போய்விடும். பழையபடி 140-க்கே போகும் என்று சொல்ல மாட்டேன், புது நிர்வாகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கலாம். ஒரு கணக்குக்காக 150 என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் கொடுத்தால்: 538 பங்குக்கு 180 வீதம் 96,840 ரூபாய், மிச்சம் 662-க்கு 150 வீதம் 99,300. மொத்தம் 1,96,140. இன்றைக்கே சந்தையில் 172-க்கு விற்றால் 2,06,400. அதாவது 180 தருகிற ஆஃபரில் கொடுத்தவர், 172-க்கு விற்றவரைவிடப் பத்தாயிரம் குறைவாக வாங்குகிறார்! பாதிப் பேர் மட்டும் கொடுத்தால் கணக்கு தலைகீழ்: உங்களுக்கு 2,12,250 ரூபாய் வரும்.

இரண்டும் சமமாகிற இடம், ஏற்பு விகிதம் நூற்றுக்கு 73-க்குச் சற்று மேல். அதற்குக் கீழே போகும் என்று தோன்றினால் சந்தையில் விற்பது மேல், மேலே இருக்கும் என்றால் ஆஃபர் மேல். பிறகு விலை 150 அல்ல, 165-ல் நிற்கும் என்று நீங்கள் நம்பினால், 47 சதவீத ஏற்பே போதும். அதனால்தான் கொடுக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எத்தனை பேர் கொடுப்பார்கள் என்பதைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தியா சிமெண்ட்ஸ் ஆஃபரில் கேட்ட 26 சதவீதமும் முழுசாகக் கிடைத்தது. அல்ட்ராடெக்கின் பங்கு 81.49 சதவீதமாகிவிட்டது. பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதால், கூடுதலாக வந்த 6.49 சதவீதத்தை 2025 ஆகஸ்டில் விற்பனைக்கு வைத்தார்கள். அந்த விற்பனைக்கு வைத்த அடிமட்ட விலை 368 ரூபாய். 390-க்கு வாங்கியவரே சில மாதத்தில் 368-லிருந்து விற்கத் தயாராக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆலையில் வாங்குபவருக்கு 42-ம் 26-ம் சேர்ந்து 68 சதவீதம்தான் ஆகும் என்பதால் இப்படித் திருப்பி விற்கும் சிக்கல் வராது.

எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆஃபர் 10 வேலை நாட்கள் திறந்திருக்கும். அதுவரை வந்து சேர்ந்த பங்குகளின் எண்ணிக்கையைப் பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் அவ்வப்போது காட்டுவார்கள். முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, விதி அப்படி. எட்டாம் நாள் அல்லது ஒன்பதாம் நாள் எண்ணிக்கையையும் அன்றைய சந்தை விலையையும் பார்த்து முடிவெடுங்கள். கடைசி நாளன்று பெரிய நிறுவனங்கள் குவிக்கும் என்பதால், ஒன்பதாம் நாளிலேயே வாங்கும் அளவில் பெரும் பகுதி வந்துவிட்டால் ஏற்பு விகிதம் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். சில புரோக்கர்கள் கடைசி நாளுக்கு முந்தைய நாளே மூடிவிடுவார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வரவில்லை என்ற கவலை வேண்டாம். அது வரும் காலமே இன்னும் ஆகவில்லை, செபியின் கருத்து வந்த பிறகுதான் அனுப்புவார்கள். வராவிட்டாலும் புரோக்கர் மூலம் கொடுக்கலாம். நீங்கள் சம்மதித்ததும் பங்கு உங்கள் டீமேட்டிலேயே அடமானம் போல முடக்கப்படும். ஏற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவிப்பார்கள். ஆஃபர் மூடி 10 வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வாங்குபவர் கையை விரித்துவிட மாட்டாரா என்றால், 234 கோடி ஆஃபருக்கு அவர் கால் பங்கான 58.5 கோடியை முன்பே எஸ்க்ரோ என்ற உத்தரவாதக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். போட்டிருக்கிறார், விளம்பரத்தில் வங்கி விவரம் இருக்கிறது. வரி விஷயத்தில், சந்தையில் விற்பதும் இதுவும் ஒன்றுதான், இரண்டும் நீண்டகால மூலதன ஆதாயம். கணவர் வாங்கிய தேதியும் விலையும்தான் அடிப்படை, 2018 ஜனவரி 31 வரை வாங்கியவற்றுக்கு அன்றைய சந்தை விலையும் கணக்கில் வரும். அவருடைய பழைய காண்ட்ராக்ட் நோட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

கொடுத்த பிறகும் ஒரு உரிமை

ஆஃபர் முடிந்த பிறகு 26 வாரங்களுக்குள் வாங்குபவர் யாரிடமாவது பேசி, ஆஃபர் விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கினால், அந்த வித்தியாசத்தை ஆஃபரில் கொடுத்த எல்லோருக்கும் 60 நாளில் தர வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். என்.டி.டி.வி.-யில் நடந்தது. 2022 நவம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை அதானி குழுமத்தின் ஆஃபர் 294 ரூபாய்க்குத் திறந்திருந்தது. சந்தை விலை அதைவிட மேலே இருந்தும் சுமார் 53 லட்சம் பங்குகள் வந்தன. அந்த மாதக் கடைசியில் நிறுவனர்கள் ராயும் ராதிகாவும் தங்கள் 27.26 சதவீதத்தை 342.65 ரூபாய்க்கு அதானி தரப்புக்கு விற்றார்கள். ஆஃபரில் கொடுத்தவர்களுக்குப் பங்குக்கு 48.65 ரூபாய் கூடுதலாகப் போனது. ஆனால் முந்தைய வாரங்களில் சந்தையில் விற்றவர்களுக்கு இந்த உரிமை இல்லை. வாங்குபவர் பங்குச் சந்தையில் சாதாரணமாக வாங்கினால் இந்த விதி பாயாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் ஆலையில் குடும்பம் தன் 42-ஐயும் ஒரே அடியாக விற்கிறது, மிச்சம் வைக்கவில்லை. ஆகவே பின்னால் பேசி வாங்க வேறு பெரிய ஆள் யாரும் இருக்கிறாரா என்று பங்குதாரர் பட்டியலைப் பார்த்தேன். 7 சதவீதம் வைத்திருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் ஆஃபரில் கொடுக்காமல் காத்திருந்தால் அதுவே ஒரு தகவல்.

ஆஃபர் திறப்பதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பு, ஆலையின் சுதந்திர இயக்குநர்கள் குழு தன் பரிந்துரையைப் பேப்பரில் வெளியிட வேண்டும். பெரும்பாலும் ‘விலை விதிப்படி உள்ளது, நியாயமானது’ என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை பிராண்ட் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே மெர்ச்சன்ட் பேங்கருக்கு அந்த மூன்று கேள்விகளை எழுதிவிடுவேன். விலை திருத்தப்படுகிறதா என்று தெரியும்வரை 172-க்கு விற்கமாட்டேன். திருத்தம் இல்லாமல் ஆஃபர் திறந்தால், எட்டாம் நாள்வரை காத்திருந்து எண்ணிக்கையைப் பார்த்து, ஏற்பு விகிதம் குறையும் போலிருந்தால் பாதியைச் சந்தையிலும் பாதியை ஆஃபரிலும் தள்ளுவேன். இந்தப் பணம் உங்களுக்கு மருத்துவச் செலவு மாதிரி ஏதாவது அவசரத்துக்கு வேண்டியதென்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம். மெர்ச்சன்ட் பேங்கரின் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.